ரத்தம் கொதிக்கல, ஆனாலும் மாத்திரை வேணும்

எல்லாருக்கும் வணக்கம். உப்பளத்துக்குப் போகாம ஞாயித்துக்கிழமை காலையில வந்து உக்காந்திருக்கீங்க, ஒரு நாள் கூலிய விட்டுட்டு வந்தவங்களும் இருக்கீங்கன்னு தெரியும். அதனால அதிக நேரம் எடுத்துக்க மாட்டேன். பின்னாடி நிக்கிற அண்ணன்மாரெல்லாம் முன்னாடி வாங்க, நாற்காலி இருக்கு. நான் உங்க ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர். பாதிப் பேருக்கு என்னைத் தெரியும்.

இப்ப பேசப்போறது பி.பி. பத்தி. நம்ம ஊர்ல ரத்தக் கொதிப்புன்னு சொல்றோம். அந்தப் பேர்லயே ஒரு சிக்கல் இருக்கு. கொதிப்புன்னா என்ன நினைக்கிறோம்? உடம்பு சூடாகணும், தலை கிறுகிறுக்கணும், கோவம் வரணும். "அவருக்கு பி.பி. இருக்கு, அதான் சுர்ருன்னு பாயறாரு"ன்னு சொல்றோம். சாந்தமா இருக்கிறவருக்கும் பி.பி. வரும். எந்நேரமும் கத்துறவருக்கு அளந்து பாத்தா சரியா இருக்கும். ரத்தம் யாருக்கும் கொதிக்கிறது கிடையாது. ரத்தம் ஓடுற குழாய்ல அழுத்தம் கூடுது, விஷயம் அவ்வளவுதான்.

அளத்துல எஞ்சின் வச்சு உப்புத்தண்ணி இறைக்கிறீங்களே, அதை நினைச்சுக்கோங்க. ஓஸ்ல தண்ணி அளவான வேகத்துல போனா பல வருசம் உழைக்கும். வேகத்தைக் கூட்டிக்கிட்டே போனா என்ன ஆகும்? முதல் நாளே வெடிக்காது. வெளியிலருந்து பாத்தா ஓஸ் நல்லாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள தேஞ்சு, எஞ்சினும் இழுத்து இழுத்து ஓடி, ஒரு நாள் ஒரு இடத்துல பிச்சுக்கும். நம்ம நெஞ்சுதான் எஞ்சின். மூளைக்கு, கண்ணுக்கு, கிட்னிக்குப் போற ரத்தக்குழாய்தான் ஓஸ். மூளையில குழாய் அடைச்சாலோ வெடிச்சாலோ பக்கவாதம். நெஞ்சுல அடைச்சா மாரடைப்பு. கிட்னி கெட்டா டயாலிசிஸ்.

இதெல்லாம் நடக்கிற வரைக்கும் பெரும்பாலானவங்களுக்கு ஒரு வலியும் இருக்காது. தலைவலி இருந்தாத்தான் பி.பி.ன்னு நினைச்சுக்கிட்டு, தலைவலி இல்லாததால அளக்காமலே இருக்கிறவங்க இந்தக் கூட்டத்துலயே இருப்பீங்க.

எங்க அப்பா பள்ளிக்கூட வாத்தியார். முப்பது வருசத்துக்கு மேல பிள்ளைங்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். பி.பி. இருக்குன்னு தெரிஞ்சு மாத்திரை எடுத்தார். ரெண்டு வருசம் போச்சு. அளந்தா 130-க்கு 80. "பாத்தியா, சரியாயிடுச்சு, இனி எதுக்கு மாத்திரை?"ன்னு அவரா நிறுத்திட்டார். நான் அப்ப மருத்துவம் படிச்சிட்டிருந்தேன். நிறுத்தினதை என்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. ஏழு மாசம் நல்லாத்தான் இருந்தார். ஒரு நாள் காலையில பல் விளக்கும்போது பிரஷ் கையிலருந்து நழுவி விழுந்துச்சு. இப்ப வலது கை தூக்க வராது. "வா", "போ", "தண்ணி", இப்படி ஏழெட்டு வார்த்தைதான் பேசுவார். படிச்சவர், வாத்தியார், டாக்டருக்குப் படிக்கிற பொண்ணோட அப்பா. அவருக்கே அப்படி ஆச்சு. அதனால படிக்காததாலதான் இப்படியெல்லாம் செய்றோம்னு யாரும் தலை குனிய வேணாம்.

அவர் எங்க தப்புனாருன்னு கவனிங்க. 130-க்கு 80 இருந்ததே மாத்திரையாலதான். பந்தல்ல கால் நட்டிருக்கோம், பந்தல் நிக்குது. "நல்லா நிக்குதே"ன்னு காலைப் பிடுங்கினா?

இந்த நம்பரையும் சொல்லிடறேன். மிஷின்ல ரெண்டு நம்பர் வரும். நெஞ்சு சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கிற அழுத்தம் மேல் நம்பர். நெஞ்சு விரிஞ்சு இளைப்பாறும்போது இருக்கிறது கீழ் நம்பர். 120-க்கு 80 இருந்தா நல்லது. வேற வேற நாள்ல அளந்தும் மேல 140-ஓ அதுக்கு மேலயோ, இல்ல கீழ 90-ஓ அதுக்கு மேலயோ வந்தா அதுதான் பி.பி. ரெண்டுல ஒண்ணு கூடினாலே போதும். எழுதப் படிக்கத் தெரியாதவங்க, 140-க்கு 90-ங்கிற ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. அளக்கிற தங்கச்சிகிட்ட "அதைத் தாண்டிடுச்சாம்மா?"ன்னு கேளுங்க, சொல்லுவாங்க.

அளக்கிறதுலயும் ஒரு முறை இருக்கு. சைக்கிள் மிதிச்சு வந்த மூச்சோட கையை நீட்டாதீங்க. அஞ்சு நிமிசம் சாஞ்சு உக்காருங்க. அளக்கிறதுக்கு முந்தின அரை மணி நேரத்துல டீ, பீடி, வெத்தலை புகையிலை கூடாது. ஒண்ணுக்கு வந்தா போயிட்டு வாங்க. பட்டை சுத்துற கையில சட்டைத்துணி இருக்கக் கூடாது. அளக்கும்போது பேசக் கூடாது.

இப்ப உப்பு. அகஸ்தியம்பள்ளியில நின்னுக்கிட்டு உப்பைக் கொறைங்கன்னு சொல்ற தைரியம் யாருக்கு வரும்! 1930-ல ராஜாஜி திருச்சியிலருந்து நடந்து வந்து, வெள்ளைக்காரன் சட்டத்தை மீறி உப்பள்ளின மண் இது. உங்க சோறு இந்த உப்புலருந்துதான் வருது. உப்பு மேல எனக்குக் கோவம் இல்ல. நம்ம வீட்டுல உப்புக்குக் கணக்கு இல்லைங்கிறதுதான் என் கவலை. டவுன்ல பாக்கெட் வாங்குறாங்க, தீந்தா தெரியும். இங்க மூலையில சாக்குல இருக்கு. கையை விட்டு அள்ளிப் போடறோம்.

கணக்கு சொல்றேன். பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டின ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நாலு பேர் இருக்கிற வீட்டுல ஒரு நாளைக்கு 20 கிராம். அப்ப ஒரு கிலோ உப்பு 50 நாள் வரணும். உங்க வீட்டுல எத்தனை நாள் வருது? அந்த 50 நாள் கணக்குக்குள்ள கருவாடு, ஊறுகாய், அப்பளம், வத்தல், கடையில வாங்குற மிக்சர் எல்லாத்துலயும் இருக்கிற உப்பும் அடக்கம். கருவாட்டை விடச் சொல்லல. ரெண்டு மூணு தண்ணி ஊறவச்சுக் கழுவி, வாரத்துல ஒரு நாள் வைங்க. அன்னிக்கு ஊறுகாய் வேணாம். சோத்துல தனியா உப்புப் போட்டு வடிக்கிற பழக்கத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடிஞ்சுது. நாக்கு ரெண்டு மூணு வாரத்துல பழகிடும்.

இந்துப்பு நல்லதான்னு வெளியில ஒரு அக்கா கேட்டாங்க. அதுவும் உப்புதான்க்கா, விலைதான் ஜாஸ்தி. அப்புறம், அளத்துலருந்து அப்படியே கொண்டு வர்ற உப்புல அயோடின் சேத்திருக்காது. வீட்டுல புள்ளத்தாச்சிப் பொண்ணும் சின்னப் பிள்ளைங்களும் இருந்தா, சமையலுக்கு அயோடின் உப்பு பாக்கெட்தான் வாங்கணும்.

"வேர்வையில இவ்வளவு உப்பு போகுதே, சாப்பிட்டாத்தானே ஈடாகும்?" நீங்க கேக்கிறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன், ஏன்னா ஞாயமான கேள்வி. வெயில்ல உப்பு வாரும்போது உப்பும் போகுது, அதைவிட அதிகமாத் தண்ணி போகுது. போற உப்பை மூணு வேளைச் சாப்பாடே பெரும்பாலும் ஈடு கட்டிடும். தண்ணியை யாரும் ஈடு கட்டறதில்ல. ஏன் குடிக்கிறதில்லன்னு பொம்பளைங்களுக்குத் தெரியும்: அளத்துல ஒதுங்க இடம் கிடையாது. அதுக்குப் பயந்து காலையிலருந்து மத்தியானம் வரைக்கும் வாயைக் கட்டுறீங்க. இது உங்க தப்பே இல்ல. வேலை எடுத்து நடத்துறவங்க செஞ்சு தர வேண்டிய வசதி, அதைக் கேட்டு வாங்குறதுக்கு உங்ககூட நானும் வந்து நிப்பேன். அது வர்ற வரைக்கும் நீராகாரமோ மோரோ தண்ணியோ, தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க. பி.பி. மாத்திரையிலயே மூத்திரத்தைக் கூட்டுற வகை ஒண்ணு உண்டு. அதை எடுக்கிறவங்க வெயில்ல வேலை செய்றோம்னு கட்டாயம் என்கிட்ட சொல்லணும். கிறுகிறுப்பு, கால் கொரக்களி பிடிக்கிறது இருந்தா உடனே வாங்க.

சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில மெடிக்கல்ல நின்னு, "மேல்வலிக்கு ரெண்டு குடுங்க"ன்னு வாங்கிப் போட்டுக்கிறீங்க. குனிஞ்ச முதுகு வலிக்கத்தான் செய்யும், எனக்குப் புரியுது. ஆனா டைக்ளோபினாக், புரூபன் மாதிரி வலி மாத்திரை பி.பி.யை ஏத்தும். தண்ணி வத்திப்போன உடம்புல கிட்னியையும் கெடுக்கும். வலிக்கு வேற வழி இருக்கு, வந்து கேளுங்க.

மாத்திரையால கிட்னி போயிடும்னு ஒரு பேச்சு ஓடுது. பி.பி.யைக் கட்டாம விட்டாத்தான் கிட்னி போகும். மாத்திரையால தொந்தரவே வராதுன்னு நான் சொல்லல. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால்ல வீக்கம் குடுக்கும். எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமல் குடுக்கும். வந்தா அந்த மாத்திரைய எடுத்துக்கிட்டு வந்து காட்டுங்க, வேற மாத்திக் குடுப்போம். நீங்களா நிறுத்த மட்டும் கூடாது. ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் ரெண்டாப் போடக் கூடாது, வழக்கம்போல ஒண்ணுதான்.

மாத்திரைக்குக் காசும் கிடையாது, அலைச்சலும் கிடையாது. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க. வர்ற அம்மா கையில மாத்திரைய வாங்கி டப்பாவுல சேத்து வச்சிருக்கிற வீடுகளை நான் பாத்திருக்கேன். அந்த டப்பாவைப் பாத்தா எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வரும்.

கடைசியா ஒண்ணு, இதைப் பிள்ளைங்களும் கேளுங்க. திடீர்னு யாருக்காவது வாய் ஒரு பக்கம் கோணுச்சு, ஒரு கை தொங்குச்சு, பேச்சு குழறுச்சுன்னா அது பக்கவாதம். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு பாத்துக்கிட்டு உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. அடைப்பைக் கரைக்கிற ஊசி இருக்கு, ஆரம்பிச்சதுலருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்கேன் எடுத்து, அப்புறம்தான் போடுவாங்க, அதனால ஒரு நிமிசம்கூட வீணாக்க முடியாது. வாயில தண்ணி, சோடா, மாத்திரை எதுவும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும். கையில இரும்பு குடுக்கிறது, மந்திரிக்கிறதுக்குக் கூட்டிட்டுப் போறது, விடியட்டும்னு படுக்கப் போடறது, எதுவும் வேணாம். புள்ளத்தாச்சிப் பொண்ணுங்களுக்குக் கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குறது இருந்தாலும் இதே அவசரம்தான்.

சரி. 30 வயசு தாண்டின எல்லாரும் வேப்பமரத்தடி மேசைக்குப் போங்க, அங்க பி.பி., சுகர் ரெண்டும் பாக்கிறாங்க. ஏற்கனவே மாத்திரை எடுக்கிறவங்க நேரா என் மேசைக்கு வாங்க. மாத்திரை அட்டை கொண்டு வராதவங்க யாராவது பிள்ளைய அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நான் மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். நிறுத்தினவங்களும் வாங்க. திட்ட மாட்டேன்.