வாடகை உயர்வு அறிவிப்பு

சென்னை, ஆதம்பாக்கம்
தேதி: 28.02.2026

மாடி வீடுகளில் குடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

வருகிற 01.06.2026 முதல் வாடகையை உயர்த்துகிறேன். கடைசியாக உயர்த்தியது 01.06.2023 அன்று. மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று நம் ஒப்பந்தத்தில் இருப்பதால், இன்றே ஒவ்வொரு வீட்டிலும் நேரில் கொடுக்கிறேன்.

முதல் மாடி, இரண்டு படுக்கையறை வீடுகள்: இப்போது ரூ.16,000. இனி ரூ.17,000 (பதினேழாயிரம்).

இரண்டாம் மாடி, ஒரு படுக்கையறை வீடுகள்: இப்போது ரூ.11,500. இனி ரூ.12,200 (பன்னிரண்டாயிரத்து இருநூறு).

மொட்டைமாடி அறை: இப்போது ரூ.7,000. இனி ரூ.7,400 (ஏழாயிரத்து நானூறு).

மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்துக்கும் பழைய வாடகையே. புதிய வாடகையை முதன்முதலில் 05.06.2026க்குள் தந்தால் போதும். பராமரிப்புத் தொகை ரூ.1,200 அப்படியே இருக்கும். அட்வான்ஸிலும் கூடுதலாக எதுவும் கேட்கமாட்டேன். மின் கட்டணத்தை வழக்கம்போல அவரவர் மீட்டர்படி நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்.

ஏன் உயர்த்துகிறேன் என்று நீங்கள் கேட்பது நியாயம். இந்த மூன்று வருடத்தில் சொத்து வரி கூடிவிட்டது. போன கோடையில் போர் வற்றியபோது வாரம் இரண்டு லாரித் தண்ணீர் இறக்கினோம். அந்தச் செலவை உங்களிடம் பிரிக்கவில்லை. மோட்டாருக்கு இரண்டு முறை காயில் கட்டியாயிற்று. மழைக்கு முன் மொட்டைமாடியில் ஒழுகும் இடங்களைச் சரிசெய்ய வேண்டும். ஜூன் மாதத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுவேன்.

இந்த அறிவிப்பின் ஆங்கிலப் பிரதி பின்பக்கத்தில் இருக்கிறது. 2023இல் தமிழில் ஜூன் என்றும் ஆங்கிலத்தில் ஜூலை என்றும் அச்சாகி, ஒரே மாடியில் இரண்டு வீட்டுக்காரர்கள் இரண்டு விதமாக வாடகை கொடுக்கும்படி ஆகிவிட்டது. தவறு என்னுடையது; ஒரு மாத உயர்வைத் திருப்பிக் கொடுத்தேன். இம்முறை தொகைகளையும் தேதிகளையும் இரண்டு பக்கத்திலும் ஒரே எண்களில் போட்டு, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படியும் வித்தியாசம் தெரிந்தால், எது குறைந்த தொகையோ, எது பிந்திய தேதியோ, அதுவே செல்லும்.

வீட்டைக் காலி செய்ய நினைப்பவர்கள் 30.04.2026க்குள் எழுதிக் கொடுங்கள். 31.05.2026க்குள் காலி செய்தால் கடைசி நாள் வரை பழைய வாடகைதான். சாவி கொடுக்கும் அன்றே, மின் பாக்கி மட்டும் கழித்து அட்வான்ஸைத் திருப்பித் தருவேன். வெள்ளையடிக்க என்று பிடிக்கமாட்டேன்.

வேலை போய்விட்டது, வீட்டில் மருத்துவச் செலவு என்று யாருக்காவது சிரமம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். உயர்வை இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடலாம். மாலை ஆறு மணிக்கு மேல் தரைத்தளத்தில்தான் இருப்பேன்.

பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக என்னிடம் உள்ள நகலில் கையெழுத்திடுங்கள். அது வந்து சேர்ந்ததற்கு மட்டுமே. உயர்வுக்குச் சம்மதம் என்று ஆகாது.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்
தரைத்தளம்