குடைக்குள் மறைந்த முகம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த வெள்ளிக்கிழமை உங்கள் நாளிதழில், லிம் சோங் யூ நெடுஞ்சாலையோரம் பழுதாகி நின்ற பஸ்ஸின் படம் வந்திருந்தது. அதில் ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியுடன் நிற்கும் முதியவர் என் அப்பா. அவருக்குப் பச்சைக் குடை பிடித்திருப்பவரின் முகத்தைக் குடையே மறைத்துவிட்டது. அவர் என் கணவர் என்று நினைத்து உறவினர்கள் பாராட்டுகிறார்கள். என் கணவர் அந்த நேரத்தில் வேலையில் இருந்தார். அவரும் மறுக்கிறார், யாரும் நம்புவதாக இல்லை.

அன்று புதன்கிழமை. அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, கொம்தாரில் பஸ் ஏறி பாயான் லெப்பாஸ் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். குளுகோரைத் தாண்டுவதற்குள் இயந்திரம் நின்றது. அதோடு குளிர்சாதனமும் நின்றது. ஜன்னல்களைத் திறக்க முடியாத பஸ் என்பதால் எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். ஓட்டுநரைக் குறை சொல்லமாட்டேன், பாவம், அவரும் வெயிலில்தான் நின்றார். ஆனால் கண்ணில் தூசியோ வியர்வையோ படக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பியிருந்தார். அங்கே லோரிகள் கடக்கும்போதெல்லாம் புழுதி வாரி அடித்தது.

அப்போதுதான் வெள்ளை வேன் ஒன்று ஓரங்கட்டியது. முப்பது வயதிருக்கும், தாடி வைத்தவர், நீலச் சட்டை. குடையோடு நேராக அப்பாவிடம் வந்து, “ஐயா, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்” என்றார். பிறகு எங்களை வேனில் ஏற்றி, சுங்கை ஆராவில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். பின்னால் வாழையிலைக் கட்டுகள், வாளிகளில் மல்லிகைச் சரம், ரோஜா மாலைகள். தமக்கு நிபோங் திபால் பக்கம் என்று மட்டும் பேச்சோடு சொன்னார். பணம் நீட்டியதற்கு, “அக்கா, என்ன இது?” என்று கதவைச் சாத்திவிட்டார்.

எனக்கு உறுத்துவது வேறு. வழியெல்லாம் அவருடைய கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. “வந்துகொண்டிருக்கிறேன்” என்று மட்டும் சொன்னாரே தவிர, காரணத்தைச் சொல்லவே இல்லை. யாரோ கடிந்துகொண்டது என் காதிலும் விழுந்தது. எனவே பூக்கடை முதலாளிகளுக்கும், அன்று மாலைகள் தாமதமாக வந்து சேர்ந்த வீட்டாருக்கும் கோயிலாருக்கும் ஒரு விண்ணப்பம்: தாமதத்துக்குக் காரணம் நாங்கள். அவர் சம்பளத்தில் ஏதேனும் பிடித்திருந்தால் அந்தத் தொகையை நான் தருகிறேன். அவரைத் தெரிந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

படம் எடுத்தவரிடம் அதே இடத்தில் எடுத்த வேறு படங்கள் இருந்தால், அவற்றைப் பார்க்க அனுமதி வேண்டுகிறேன். முகம் தெரிந்தாலும் வெளியிட வேண்டாம், அது அவர் விருப்பம். என் தொலைபேசி எண்ணை ஆசிரியர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கண்ணை மூடியே பயணம் செய்த அப்பா, உதவியவரை இன்னும் பார்க்கவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது அவர் வீட்டுக்கு வரவேண்டும் என்கிறார். மீன் கறியா, சைவமா என்று இப்போதே என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

இப்படிக்கு,
சுங்கை ஆரா வாசகி,
பினாங்கு