இந்த வாரம் என் வண்டி வராது, யார் ஓட்ட முடியும்?

எல்லோருக்கும் வணக்கம். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும், காலையும் மாலையும், என் வண்டி வராது. திங்கள் காலை யாரும் எனக்காக நிறுத்தத்தில் நிற்க வேண்டாம்.

கிளட்ச் போய்விட்டது. நேற்று மாலை மேம்பாலம் ஏறும்போது இஞ்சின் இரைந்ததே தவிர வண்டி வேகம் எடுக்கவில்லை, நினைவிருக்கும். கருகல் வாடை வருகிறது என்று ஜோசப் சார்தான் முதலில் சொன்னார். இன்று காலை மெக்கானிக்கிடம் காட்டினேன். பிளேட் தேய்ந்து வழுக்குகிறதாம். கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும். இறக்கியதோடு பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு அதில் ஒன்று போனாலும் மறுபடி இதே வேலைதான் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சாமான் வரப் புதன் ஆகும், வண்டி கைக்கு வர வெள்ளி இரவு ஆகும். மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஏற்றத்தில், பின்னால் லாரி வரும்போது பாதியில் நின்றுவிட்டால்? உங்கள் நான்கு பேரையும் வைத்துக்கொண்டு அப்படி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கேட்க வேண்டியது இதுதான். நம்மில் கார் இருப்பது செந்தில் அண்ணாவுக்கும் ஜோசப் சாருக்கும். உங்கள் இருவரில் யார் எந்த நாள் ஓட்ட முடியும்? ஐந்து நாளும் ஒருவரே ஓட்ட வேண்டும் என்றில்லை. காலை ஒருவர், மாலை ஒருவர் என்றாலும் சரி, இரண்டு நாள் மட்டும் என்றாலும் சரி. அண்ணா, செவ்வாயும் வியாழனும் உங்கள் பையன் வண்டியை எடுப்பான் என்று முன்பு சொன்னீர்கள். அதனால் அந்த இரண்டு நாளையும் ஜோசப் சாரிடம்தான் முதலில் கேட்கிறேன். முடியாது என்றால் தயங்காமல் முடியாது என்றே சொல்லுங்கள், யாரும் எதுவும் நினைக்க மாட்டோம். பதில் வராமல் இருந்தால்தான் மற்றவர்களுக்குச் சிரமம்.

புதன்கிழமை மட்டும் எப்படியாவது ஏற்பாடாக வேண்டும். நஸ்ரினுக்கு அன்று 8:30க்குப் பயிற்சி தொடங்குகிறது. வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அவள் தாமதமாகப் போய் நிற்கக் கூடாது. இருவருக்குமே புதன் முடியாது என்றால் நஸ்ரின், நானும் நீயும் 6:50 பஸ்ஸில் போய்விடுவோம், உன்னைத் தனியாக விடமாட்டேன். ரேவதி அக்காவைத்தான் பஸ்ஸில் ஏறச் சொல்ல எனக்கு மனமில்லை, அந்த உயரப் படி அவர் முழங்காலுக்கு ஆகாது. அன்று அக்காவுக்கு ஆட்டோ நான் பேசிவைக்கிறேன்.

ஓட்டப் போகிறவருக்குச் சில விஷயங்கள். வழக்கமான வரிசையில் போனால் சரியாக இருக்கும்: 7:10 தண்ணீர்த் தொட்டி, 7:18 ரேவதி அக்கா வீடு, 7:25 மருந்துக் கடை முனை. ரயில்வே கேட்டை 7:40க்குள் தாண்டிவிடுங்கள், அதன்பின் மூடினால் பத்து நிமிடம் போய்விடும். கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று இருக்கிறது, கிட்டே போகும் வரை தெரியாது. அக்காவுக்கு முன் இருக்கை, அதை முழுக்கப் பின்னால் தள்ளிவிட வேண்டும். அவர் ஏறும்போது முதலில் உட்கார்ந்துவிட்டு அப்புறம்தான் கால்களை உள்ளே எடுப்பார், அதற்கு ஒரு நிமிடம் கொடுங்கள். அவருக்குப் பின்னால் கால் நீட்ட இடம் இருக்காது, அந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். வண்டியில் இடம் நெருக்கினால் என்னை விட்டுவிடுங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன்.

பெட்ரோல் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த வாரத்துக்கு நீங்கள் கொடுத்த பணம் என்னிடம் அப்படியே இருக்கிறது. என் பங்கையும் சேர்த்து, ஓட்டிய நாள் கணக்குப்படி வெள்ளி மாலைக்குள் ஓட்டியவருக்கு அனுப்பிவிடுகிறேன்.

நாளை, ஞாயிறு மதியம் 2 மணிக்குள் பதில் சொல்லிவிடுங்கள். எந்த நாள், காலையா மாலையா, எத்தனை பேரை ஏற்ற முடியும் என்று மட்டும் எழுதினால் போதும். 3 மணிக்கு யார் எந்த வண்டி என்று நானே எழுதிப் போடுகிறேன். எந்த நாளாவது வண்டி இல்லாமல் போனால், வேறு வழி பார்க்க எல்லோருக்கும் மாலைப் பொழுது மிச்சம் இருக்கும். இந்த வாரம் லீவு எடுப்பவர்களும் சொல்லிவிடுங்கள்.

கடைசி நேரத்தில் இப்படிச் சொல்ல வேண்டி வந்ததற்கு மன்னியுங்கள். அடுத்த திங்கள் 7:10க்குத் தண்ணீர்த் தொட்டியருகே நிற்பேன். வெள்ளி இரவு வண்டி கைக்கு வந்ததும் மேம்பாலத்தில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டு இங்கே சொல்கிறேன்.

கல்பனா