கேட்பதற்கு முன்பே தெரிவிக்கும் வெளிநாட்டு வைப்பு: வருமான வரி அலுவலருக்கு முகப்புக் கடிதம்

கோயம்புத்தூர்,
12 டிசம்பர் 2025

அனுப்புநர்:
க. செந்தில்குமார்,
சாய்பாபா காலனி, கோயம்புத்தூர் – 641011.

பெறுநர்:
வருமான வரி அலுவலர் அவர்கள்,
வருமான வரி அலுவலகம்,
ரேஸ் கோர்ஸ் சாலை, கோயம்புத்தூர்.

பொருள்: சிங்கப்பூர் வங்கிக் கணக்கும் வைப்பும் 2023-24, 2024-25, 2025-26 மதிப்பீட்டு ஆண்டுகளின் கணக்குத் தாக்கலில் விடுபட்டது – நானே முன்வந்து தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சிங்கப்பூர் வங்கி ஒன்றில் எனக்கு ஒரு சேமிப்புக் கணக்கும் 38,000 சிங்கப்பூர் டாலர் நிலை வைப்பும் உள்ளன. மேற்கண்ட மூன்று ஆண்டுகளிலும் நான் ஐ.டி.ஆர்-1 படிவத்தில் தாக்கல் செய்தேன். வெளிநாட்டுச் சொத்து உள்ளவர் அந்தப் படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது. ஷெட்யூல் எஃப்.ஏ.வில் காட்ட வேண்டிய இரண்டையும் நான் காட்டவில்லை, வட்டியையும் சேர்க்கவில்லை.

2012 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை சிங்கப்பூரில் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் பொறியாளராக வேலை பார்த்தேன். இந்தப் பணம் முழுவதும் அங்கு வாங்கிய சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. சம்பளம் வரவான வங்கி அறிக்கைகளை இணைத்துள்ளேன். இந்தியாவிலிருந்து ஒரு ரூபாய்கூட அங்கே போகவில்லை. வெளிநாட்டில் குடியிருந்தபோது சேர்த்ததைத் திரும்பி வந்த பிறகும் வைத்திருக்க ஃபெமா சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. எனவே வைத்திருந்தது குற்றமில்லை, தெரிவிக்காமல் இருந்ததே பிழை.

ஊர் திரும்பிய பின் 2020-21, 2021-22 நிதியாண்டுகளில் நான் 'குடியிருப்பவர், ஆனால் சாதாரணமாகக் குடியிருப்பவர் அல்ல' என்ற நிலையில் இருந்தேன். நாட்கணக்கு அட்டவணை இணைப்பில் உள்ளது. 2022-23 முதல் முழுக் குடியிருப்பாளர் ஆனேன். கடமை தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். 'அங்கே சம்பாதித்த பணம், வரி கிடையாது' என்று முதல் இரண்டு வருடம் இருந்த எண்ணத்தை மூன்றாம் வருடமும் மாற்றிக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். சம்பளத்துக்கு ஃபார்ம் 16 வந்ததும் அதை வைத்து நானே தாக்கல் செய்வது வழக்கம். தணிக்கையாளர் யாரிடமும் கேட்கவில்லை.

வெளிநாட்டுச் சொத்து பற்றி மத்திய நேரடி வரிகள் வாரியம் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்புவதாகக் கடந்த மாத இறுதியில் செய்தித்தாளில் படித்தேன். அதன் பிறகே தணிக்கையாளரைச் சந்தித்தேன், இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்படியான செய்தியோ அறிவிப்போ இன்றுவரை எனக்கு வரவில்லை. இன்று காலை மின்-தாக்கல் தளத்தில் என் கணக்கைத் திறந்து பார்த்தேன், நிலுவையில் எந்த நடவடிக்கையும் இல்லை.

விவரம் இதுதான். ஷெட்யூல் எஃப்.ஏ. நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுவதால் உச்ச இருப்பும் அப்படியே தரப்பட்டுள்ளது: 2022-இல் 41,350, 2023-இல் 41,900, 2024-இல் 43,600 சிங்கப்பூர் டாலர். வட்டி நிதியாண்டுப்படி: 2022-23-இல் 290, 2023-24-இல் 1,140, 2024-25-இல் 1,102 டாலர். விதி 115-இன்படி ரூபாயில் மாற்றிய கணக்கு இணைப்பில் உள்ளது. தனிநபரின் வங்கி வட்டிக்குச் சிங்கப்பூரில் வரி பிடிப்பதில்லை. ஆகவே அயல்நாட்டு வரிக்கான கழிவு எதையும் நான் கோரவில்லை.

2023-24, 2024-25 மதிப்பீட்டு ஆண்டுகளுக்குப் பிரிவு 139(8A)-இன்படி ஐ.டி.ஆர்-2 படிவத்தில் புதுப்பித்த கணக்குகளை இம்மாதம் 10-ஆம் தேதி தாக்கல் செய்துவிட்டேன். வரி, வட்டி, அவற்றின் மேல் முறையே 50 சதவீதமும் 25 சதவீதமும் கூடுதல் வரி ஆகியவற்றைக் கட்டிவிட்டேன். 2025-26-க்கு டிசம்பர் 31 வரை அவகாசம் இருப்பதால் பிரிவு 139(5)-இன்படி திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து, வரியை வட்டியுடன் செலுத்தினேன்.

கருப்புப் பணச் சட்டம், 2015-இன் பிரிவு 43 ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடம் தருகிறது. 2024 அக்டோபர் முதல் 20 லட்சத்துக்கு மேற்படாத அசையாச் சொத்தல்லாதவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. என் இருப்பு அதைத் தாண்டுவதால் அந்த விலக்கை நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு: அபராதம் 'விதிக்கலாம்' என்றுதான் பிரிவு சொல்கிறது. வரி கட்டிய சம்பளத்தில் வந்த பணம், தெரிந்தே மறைக்கும் நோக்கமின்மை, கேட்கப்படுவதற்கு முன் நானே தெரிவித்தது ஆகியவற்றைக் கருதி அந்த விருப்புரிமையை என் பக்கம் பயன்படுத்த வேண்டுகிறேன். அபராதம் குறித்து எண்ணம் இருந்தால், முடிவெடுக்கும் முன் நேரில் விளக்க ஒரு வாய்ப்புத் தாருங்கள்.

இந்த இரண்டு கணக்குகளைத் தவிர எனக்கோ என் மனைவிக்கோ வெளிநாட்டில் பங்கு, காப்பீடு, நிலம், கையெழுத்திடும் உரிமை என எதுவும் இல்லை. வைப்பு முதிர்ந்ததும் தொகையை இந்தியாவுக்குக் கொண்டுவர உள்ளேன்.

இப்படிக்கு,
க. செந்தில்குமார்

இணைப்புகள்: பான் அட்டை நகல், கடவுச்சீட்டு நகலும் நாட்கணக்கும், சிங்கப்பூர் வங்கி அறிக்கைகள், 2012 முதல் 2025 வரை, ரூபாய் மாற்றுக் கணக்கு, மூன்று தாக்கல் ஒப்புகைகள், வரி செலுத்திய சலான்கள்.