அப்பாவின் மூன்றாம் ஆண்டு

இன்று அப்பா இறந்து மூன்று வருடம். திதிப்படி பார்த்தால் போன சனிக்கிழமையே முடிந்துவிட்டது. தம்பி சிந்துபூந்துறையில் ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தான். அம்மாவுக்கு மட்டும் அக்டோபர் 23தான் கணக்கு. 2021-இல் அந்தத் தேதியில்தான் அப்பா காலை காபியைப் பாதி குடித்துவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லிப் படுத்தார்.

நோயைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. சர்க்கரை, அப்புறம் சிறுநீரகம், வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அந்தக் கடைசி வருடம் அவரோடு போய் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியும். அதற்கு முன்னால் இருந்த எழுபது வருடத்து மனிதரைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

அப்பா அச்சுக்கோப்பவர். 1964-இல், பதினைந்து வயதில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து கம்போசிங் கற்றுக்கொண்டவர். இடது கையில் எழுத்துகளை வரியாகக் கோக்கும் ஸ்டிக், வலது கை எழுத்துகளைப் பிரித்து வைத்திருக்கும் கேஸின் அறைகளில் ஓடும். ஈய எழுத்தை எடுக்கும்போதே அதன் உடம்பில் இருக்கும் சின்னப் பள்ளத்தை விரல் தடவிப் பார்த்துவிடும். அதை வைத்துத்தான் எது தலை, எது கால் என்று தெரியும். கண் முழுவதும் கையெழுத்துப் பிரதியின் மேல்தான். வரி ஸ்டிக்கில் தலைகீழாகத்தான் நிற்கும். அதை அப்படியே கடகடவென்று வாசிப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு அங்கே போனால், ஸ்டிக்கை என் முன்னால் நீட்டி, "படிச்சுப் பாருட்டி" என்பார். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தால் பக்கத்துக் கடையில் கடலை மிட்டாய்.

1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. தும்பிக்கை வைத்த லை, னை எல்லாம் போய், மற்ற எழுத்துகளைப் போல ஐகாரக் கொம்பு போட்டு எழுதும் முறை வந்தது. பதினான்கு வருடம் பழகிய கை அது. புது அச்சு வந்த பிறகும் பழைய அறைக்கே கொஞ்ச நாள் போய்க்கொண்டிருந்ததாம். பழைய எழுத்துகளை உருக்கக் கொடுத்த அன்று முதலாளியிடம் கேட்டு ஒரே ஒரு பெரிய 'லை'யை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். அது இன்னும் எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது. விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், கறுத்துப் போய்.

அந்த அச்சகத்துக்கு வந்தது பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புத்தகம், அப்புறம் பதினாறாம் நாள் பத்திரிகை. அப்பாவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் நான் இந்தக் கடைசி வகையைத்தான் சொல்வேன். துட்டிப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் அழுது ஓய்ந்து வருவார்கள். ஒரு தாளில் நாலு வரி கிறுக்கிக் கொடுத்துவிட்டு, சீக்கிரம் வேண்டும் என்பார்கள். அப்பா அதை வாங்கி நின்றபடியே ஒருதரம் படிப்பார். பிறகு அவர்களுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். அதற்கப்புறம்தான் பேச்சு.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு ராத்திரி நடந்தது இது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கிராமத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், நாற்பது வயது இருக்கும். அம்மா இறந்துவிட்டார்கள். அவர் கொடுத்த தாளில் அவருடைய அப்பா பெயர் இருந்தது, தாத்தா பெயர் இருந்தது, மாமன்மார் பெயரெல்லாம் வரிசையாக இருந்தது. இறந்தவரைப் பற்றி, "எங்கள் தாயார்" என்று மட்டும் இருந்தது.

"அவங்க பேரு என்னய்யா?" என்று அப்பா கேட்டார்.

அவர் கொஞ்சம் யோசித்தார். ஊரில் எல்லாரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், ரேஷன் கார்டில் ஏதோ இருக்கும், அது போடாவிட்டால் என்ன, எல்லாருக்கும் தெரியும் என்றார்.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "இந்த ஒரு தாள்லயாவது அவங்க பேரு இருக்கட்டும்யா. நான் மத்ததை எல்லாம் கோத்து வைக்கேன். காலையில வந்து பேரைச் சொல்லுங்க, அரை மணி நேரத்துல அடிச்சுத் தாரேன்" என்றார்.

அன்று ராத்திரி நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்திரிகை முழுவதையும் கோத்து முடித்து, பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் எழுத்தில்லாத வெற்றுக் கட்டைகளை அடுக்கி, நூலால் சுற்றிக் கட்டி வைத்தார். இருப்பதிலேயே பெரிய எழுத்து அந்த வரிக்குத்தான் என்று முடிவு செய்து, அந்தக் கேஸை இழுத்துத் தனியாகவும் வைத்துக்கொண்டார். காலையில் அந்த மனிதர் ரேஷன் கார்டோடு வந்தார். பொன்னுத்தாய்.

கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான். 'இன்னாரின் மகன்' என்று அப்பா பெயரை மட்டும் எழுதிக் கொண்டுவந்தால், பெற்றவளின் பெயரையும் கேட்டு வாங்கிப் போடுவார். சிலர் எங்கள் வழக்கத்தில் கிடையாது என்று மறுத்துவிடுவார்கள். அதற்கு மேல் வற்புறுத்தமாட்டார். ஆனால் கேட்காமல் விட்டதில்லை. அவர் மேடையில் ஏறிப் பேசியதில்லை, எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. கேஸுக்கு முன்னால் நின்றுகொண்டே அவரால் செய்ய முடிந்தது அது, அதைச் செய்தார். எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை எதுவும் தெரியவில்லை.

பிறகு கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டும் வந்தன. 2003-இல் அச்சகத்தை மூடினார்கள். ஈயத்தை எடைக்குப் போட்டார்கள், ட்ரெடில் மிஷினையும் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்பா ஒரு வாரம் வீட்டில் இருந்தார். அப்புறம் ஒரு டிடிபி கடையில் ப்ரூஃப் பார்க்கப் போனார். அங்கே வேலை பார்த்த பையன்களுக்கெல்லாம் இவர் தாத்தா. அந்தப் பையன்களில் ஒருவர் இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். அப்பாவின் பதினாறாம் நாள் பத்திரிகையை அவர்தான் அடித்தார். தம்பி விவரம் சொல்லப் போனபோது, முதலில் கேட்டது அம்மாவின் பெயரைத்தானாம். தம்பி வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தப் பதினாறு நாளில் அவன் அழுதது அப்போதுதான்.

போன டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அம்மா மாடிக்கு ஏறும்போது பத்திரப் பையை ஒரு கையில் எடுத்தார், அப்பாவின் ஸ்டிக்கை இன்னொரு கையில் எடுத்தார். நகை பீரோவிலேயே இருந்தது. பிறகு கேட்டதற்கு, "அது எங்க போயிரும்?" என்று மட்டும் சொன்னார். அம்மா அப்படித்தான். இந்த மூன்று வருடத்தில் அப்பாவைப் பற்றி வாய்விட்டுப் பேசியது ரொம்பக் குறைவு. ராத்திரி ஒன்பது மணிக்கு வெளிவிளக்கைப் போடுவது மட்டும் நிற்கவில்லை. அவர் அச்சகத்திலிருந்து வரும் நேரம் அது.

அப்பா, எனக்கு இப்போதெல்லாம் உங்கள் குரல்தான் ரொம்பத் தேவைப்படுகிறது. பேத்தி தமிழ் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். கடைப் பலகையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வருகிறாள். நீங்கள் பக்கத்தில் நடந்து வந்திருந்தால் கடலை மிட்டாய் வாங்கியே பணம் தீர்ந்திருக்கும்.

இன்று மதியம் வீட்டில் சாப்பாடு. சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல், பாயசம். எல்லாம் அவருக்குப் பிடித்ததுதான். அச்சகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். அவரைத் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் வாருங்கள், ஒரு மணிக்கு இலை போடுவோம். வர முடியாதவர்கள், உங்கள் வீட்டில் அவர் கோத்துக் கொடுத்த பழைய பத்திரிகை ஏதாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டும்.

சுப்பையா (1949 – 2021)
மனைவி பேச்சியம்மாள், மகள் செல்வி, மகன் முருகன், மருமகள் உமா, மருமகன் கண்ணன், பேத்தி யாழினி