சிறாரின் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கக் கோரும் பாதுகாவலரின் கடிதம்

அனுப்புநர்:
சாவித்திரி த/பெ முத்தையா,
புளோக் 798, #06-112,
அங் மோ கியோ அவென்யூ 3,
சிங்கப்பூர்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
அங் மோ கியோ சென்ட்ரல் கிளை.

நாள்: 3 நவம்பர் 2025

பொருள்: என் பாதுகாப்பில் உள்ள கயல்விழி த/பெ இளங்கோவன் என்ற சிறுமியின் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்குதல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

வணக்கம். காலஞ்சென்ற என் தங்கை அமுதாவின் ஒரே மகள் கயல்விழி 2014ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தவள். இவ்வட்டாரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய தந்தை 2019ஆம் ஆண்டிலும் தாய் இவ்வாண்டு மார்ச் மாதத்திலும் காலமாயினர். அதன்பின் குடும்ப நீதிமன்றம் 18 ஆகஸ்ட் 2025 தேதியிட்ட ஆணையின் மூலம், அவளுடைய பெரியம்மாவாகிய என்னை மட்டுமே பாதுகாவலராக நியமித்துள்ளது. இந்த நிலையில், அவள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, அவள் உரிய வயதை அடையும்வரை அதை நான் இயக்கிவர அனுமதிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பப் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பி இணைத்துள்ளேன். படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காத விவரங்களை மட்டும் எனக்குப் பழக்கமான தமிழில் எழுதுகிறேன்.

இணையவழியாகவே விண்ணப்பித்திருப்பேன். ஆனால் சிங்பாஸ் வழியாகக் குழந்தைக்குக் கணக்குத் தொடங்கும் முறை பெற்றோருக்கென்றே அமைந்துள்ளது; பிறப்புச் சான்றிதழில் பெற்றோராகப் பதிவு பெறாத என்னால் அதைப் பயன்படுத்த இயலவில்லை. எனவே ஆவணங்களைத் தாங்கள் நேரில் சரிபார்ப்பதே ஏற்ற வழி என்று கருதுகிறேன்.

அந்த ஆவணங்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதை முன்கூட்டியே குறிப்பிட வேண்டியுள்ளது. கயல்விழியின் பிறப்புச் சான்றிதழும் அவளுடைய தந்தையின் இறப்புச் சான்றிதழும் பழைய தாள் வடிவில் உள்ளன. மூலப் பிரதிகளையே கொண்டுவருவேன். தங்கையின் இறப்புச் சான்றிதழோ மின்னிலக்க வடிவில் கிடைத்தது. 2022 மே 29 முதல் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் இவ்வாறே வழங்கப்படுவதால், அதற்குத் தாளில் மூலப் பிரதி என ஒன்று கிடையாது. அதிலுள்ள கியூஆர் குறியீட்டை வருடி உண்மைத்தன்மையை உறுதிசெய்துகொள்ளலாம். கவுன்ட்டரில் மூலப் பிரதி கேட்கப்பட்டு, அதன் பொருட்டு விண்ணப்பம் தேங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கயல்விழிக்கு இன்னும் 15 வயது ஆகாததால் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழோடு அவளுடைய பள்ளி மாணவர் அட்டையையும் காட்ட முடியும். எனக்கும் அமுதாவுக்கும் உள்ள உறவு எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களில் உள்ள பெற்றோர் பெயர்களிலிருந்து விளங்கும். இதில் ஒரு சிறு வேறுபாடு உண்டு: என் சான்றிதழில் எங்கள் தந்தையின் பெயர் ஆங்கிலத்தில் Muthiah என்றும், தங்கையின் சான்றிதழில் Muthaiya என்றும் எழுதப்பட்டுள்ளது. இரண்டும் ஒருவரையே குறிப்பவை என்பதற்கான உறுதிமொழிப் பத்திரம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. அதன் நகலையும் இணைத்துள்ளேன்.

கணக்கில் முதலில் செலுத்தவிருக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்பது முறையே. அதன் பெரும்பகுதி, அமுதாவுடன் வேலை செய்தவர்கள் திரட்டிக் கொடுத்த 3,180 வெள்ளி. அதற்கான காசோலை கயல்விழியின் பெயரிலேயே எழுதப்பட்டு, பெயருக்குரியவரின் கணக்கில் மட்டுமே செலுத்தும்படி கோடிடப்பட்டுள்ளது. என் கணக்கில் அதைப் போட முடியாது. போட எனக்கு விருப்பமும் இல்லை. காசோலையின் தேதி 8 செப்டம்பர் 2025 என்பதால், அது காலாவதியாகும் முன் கணக்குத் தயாராக வேண்டும். நான் சற்று அவசரம் காட்டுவதற்கு இது ஒன்றே காரணம். இதைத் தவிர, இந்தத் தீபாவளிக்கு உறவினர்கள் அவளுக்கு உறையில் வைத்துக் கொடுத்த 420 வெள்ளியை ரொக்கமாகச் செலுத்துவேன். உட்லண்ட்ஸில் வசிக்கும் அவளுடைய அப்பா வழித் தாத்தா மாதந்தோறும் 150 வெள்ளி அனுப்ப முன்வந்துள்ளார். கணக்கு எண் கிடைத்ததும் அவர் தம் வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடுவார்.

கயல்விழிக்கு ஏற்கெனவே குழந்தை மேம்பாட்டுக் கணக்கு ஒன்று உள்ளது. அந்தப் பணத்தை அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களில், அனுமதிக்கப்பட்ட செலவுகளுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். அவளுக்கு 12 வயதாகும் ஆண்டின் இறுதியில், அதாவது 31 டிசம்பர் 2026க்குப் பிறகு, எஞ்சிய தொகை உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்குச் சென்றுவிடும். அதன் அறங்காவலராக என் பெயரைப் பதிவுசெய்ய உரிய இடத்தில் தனியாக விண்ணப்பித்துள்ளேன். இந்தக் கடிதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிட வேண்டாம்.

கணக்கு எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. வங்கியின் விதிகள் இடமளித்தால், கணக்கு எங்கள் இருவரின் கூட்டுக் கணக்காக இல்லாமல், கயல்விழி ஒருவரையே உரிமையாளராகக் கொண்டு, நான் பாதுகாவலர் என்ற முறையில் கையொப்பமிடுபவராக மட்டும் இருக்க வேண்டும். எனக்கு ஏதேனும் நேர்ந்தாலோ, எனக்குக் கடன் சுமை வந்தாலோ, இந்தப் பணம் யாருடையது என்ற கேள்வியே எழக் கூடாது. கூட்டுக் கணக்கைத் தவிர வேறு வழியில்லை என்றால், விண்ணப்பத்தைப் பதிவுசெய்யும் முன் அதை எனக்குத் தெரிவியுங்கள். நீதிமன்ற ஆணையை வாங்கித் தந்த வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன். கணக்குக்கு ஏடிஎம் அட்டை வேண்டாம். பேநவ் இணைப்பும், இணையவழியாகப் பணம் அனுப்பும் வசதியும் வேண்டாம். நான் என் அடையாள அட்டையுடன் கிளைக்கு வந்து கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கப்பட வேண்டும். இது இந்தக் காலத்துக்குச் சற்று ஒவ்வாத ஏற்பாடு என்று தாங்கள் நினைக்கலாம். ஆயினும் மோசடிக் குறுஞ்செய்திகள் வராத நாளே இல்லை என்றாகிவிட்ட நிலையில், கவுன்ட்டரில் வரிசையில் நிற்பது எனக்குப் பாரமாகத் தோன்றவில்லை. கணக்கு அறிக்கை மட்டும் மாதந்தோறும் தபாலில் கயல்விழியின் பெயருக்கே வரட்டும். தன் பணம் எவ்வளவு, அது எப்போது, எதற்காகக் குறைந்தது என்பதை அவளே படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அவளும் அதைக் கேட்டிருக்கிறாள்.

அவள் 18 வயதை அடையும்போது கணக்கை இயக்கும் உரிமை தானாகவே அவளுக்கு மாறுமா, அல்லது அப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா என்பதையும், நீதிமன்றம் இடையில் வேறு பாதுகாவலரை நியமிக்க நேர்ந்தால் வங்கி எந்த ஆவணத்தைக் கேட்கும் என்பதையும் எழுத்து மூலம் தெரிவித்தால் நன்றியுடையேன். குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போனால் கட்டணம் பிடிக்கப்படுமா, சிறாரின் கணக்குக்கு அதில் விலக்கு உண்டா என்பதையும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இக்கடிதத்துடன் விண்ணப்பப் படிவம், நீதிமன்ற ஆணையின் சான்றளிக்கப்பட்ட நகல், மேலே குறிப்பிட்ட சான்றிதழ்கள், உறுதிமொழிப் பத்திரம், என் அடையாள அட்டை, காசோலை ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. அடையாள எண்கள் அனைத்தும் அந்த நகல்களில் இருப்பதால் கடிதத்தில் அவற்றை எழுதவில்லை. என் தொலைபேசி எண் படிவத்தில் உள்ளது. நான் மருத்துவமனை ஒன்றில் முறைமாற்று வேலை செய்வதால் புதன்கிழமை பிற்பகலிலோ சனிக்கிழமை காலையிலோ வர முடியும். கயல்விழியும் உடன் வர வேண்டுமெனில் சனிக்கிழமையே வசதி. மற்ற நாள்களில் அவளுக்குப் பள்ளி உண்டு. தங்களுக்கு ஏற்ற நேரத்தைத் தெரிவித்தால் மூலப் பிரதிகளுடன் வந்து சந்திக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சாவித்திரி த/பெ முத்தையா
(கயல்விழி த/பெ இளங்கோவனின் பாதுகாவலர்)