கீரிமலைக் கரையோரச் சுண்ணாம்புக்கல்: குறுங்கள அறிக்கை

பாடம்: புவிச்சரிதவியல் களப்பயிற்சி, இரண்டாம் ஆண்டு
களநாள்: 2024 பெப்ரவரி 17, சனிக்கிழமை
குழு: நால்வர்

1. அமைவிடம்

கீரிமலை யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறைக்குச் சற்று மேற்கே, பாக்குநீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது (ஏறத்தாழ வடக்கு 9°49′, கிழக்கு 80°01′). மூன்று இடங்களைப் பார்த்தோம். இடம் 1, கேணிக்கு மேற்கே உள்ள பாறைக்கரை. இடம் 2, நன்னீர் ஊற்றுக் கேணி. இடம் 3, கரையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 700 மீற்றரில், வீடு கட்டக் கல் எடுத்துக் கைவிட்ட ஒரு குழி. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் பாறைக்குள் இறங்குகிறது. மக்கள் அதைக் கிணற்றில் எடுக்கிறார்கள். மிஞ்சியது கடலுக்குப் போகிறது. அது எந்த வழியாகப் போகிறது என்பதே இந்த அறிக்கையின் கேள்வி.

2. முறைகள்

மாரி மழை ஓய்ந்த பின், காலை வற்றில் வேலையைத் தொடங்கினோம். இட அமைவுக்குக் கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். போதுமானதாக இருந்தது. மூட்டுக்களின் திசையைத் திசையறிகருவியாலும், படைகளின் சாய்வைச் சாய்வுமானியாலும் அளந்தோம். பாறையைப் புதிதாக உடைத்த முகத்தில் பத்து மடங்கு கைவில்லையால் பார்த்து, 10 சதவீத ஐதரோகுளோரிக் அமிலம் இட்டோம். நீரின் மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் கையடக்க மானியால் எடுத்தோம். இடம் 3இலிருந்து கொண்டுவந்த 50 கிராம் பாறைத் தூளை ஆய்வுகூடத்தில் அமிலத்தில் கரைத்து, வடிதாளில் தங்கியதை உலர்த்தி நிறுத்தோம்.

கேணிக்கட்டிலோ கோயிலைச் சேர்ந்த கல்லிலோ சுத்தியல் படவில்லை. வலிகாமம் வடக்கில் கண்ணிவெடி அபாயம் இருந்த காரணத்தால், மக்கள் அன்றாடம் புழங்கும் நிலத்தைவிட்டு எங்கும் இறங்கவில்லை. இடம் 3இன் கிழக்குச் சுவரை நாங்கள் வரையாததற்கும் இதுவே காரணம்.

3. அவதானங்கள்

*இடம் 1.* வெளிமுகம் சாம்பல் நிறம். உடைத்த முகம் பாலாடை நிறம். அமிலம் பட்டதும் தூளாக்காமலே பலமாக நுரைத்தது. மணிகள் நுண்மையானவை. இறுக்கமான பட்டைகளுக்கு இடையில், உயிர்ச்சுவடுகள் செறிந்த, துளைகள் நிறைந்த பட்டைகள் வருகின்றன. பெரும்பாலான சிப்பிகளில் ஓடு இல்லை, அது இருந்த வெற்றிடமே மிஞ்சியிருக்கிறது. ஒரு சங்கின் வெற்றிடத்தைக் கைவில்லையால் பார்த்தபோது, உள்சுவர் முழுவதும் ஊசிமுனை அளவான கல்சைற்றுப் பளிங்குகள் வெளியிலிருந்து நடுவை நோக்கி வளர்ந்திருந்தன. சங்கின் சுருள் வரிகள் பாறையில் அப்படியே பதிந்திருந்தன. 6 சென்ரிமீற்றர் அளவான முருகைக்கல் துண்டு ஒன்றும் கிடைத்தது.

படைகள் கிட்டத்தட்டக் கிடையானவை. சாய்வு 2 பாகைக்குள் வந்தது. எங்கள் சாய்வுமானியின் பிழையும் அவ்வளவுதான் என்பதால் சாய்வுத் திசை எதையும் பதியவில்லை.

24 மூட்டுக்களை அளந்தோம். 15 மூட்டுக்கள் 010 முதல் 025 பாகை வரையிலும், 7 மூட்டுக்கள் 095 முதல் 110 பாகை வரையிலும் இருந்தன. இரண்டு எதிலும் சேரவில்லை. அகலம் மயிரிழையிலிருந்து 15 சென்ரிமீற்றர் வரை. அகன்றவற்றின் வாய் வட்டமாகத் தேய்ந்து, சிலவற்றுள் செம்மண் இறுகியிருந்தது. வற்றில் வெளிப்பட்ட பாறைத்தட்டில் நீர் கசியும் ஐந்து இடங்களைக் கண்டோம். ஐந்தும் வடக்குத் தெற்காகச் செல்லும் மூட்டுக்களில் இருந்தன. அலை படும் உயரத்தில் பாறை உள்நோக்கி 40 சென்ரிமீற்றர் வரை குடைந்திருக்கிறது.

*இடம் 2.* கேணிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மதில்தான். ஊற்று வாயருகே வெப்பநிலை 28.5 பாகை செல்சியஸ், மின்கடத்துதிறன் 3,900 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. மதிலுக்கு அப்பால் கடல்நீர் 46,000. தெற்கே 400 மீற்றரில் உள்ள வீட்டுக் கிணறு 1,150.

கேட்டறிந்தது (நாங்கள் பார்க்கவில்லை): பெருக்கு நேரத்தில் கேணி நீர் சற்று உவர்க்கும் என்று குளிக்க வந்த பெரியவர் ஒருவர் சொன்னார்.

*இடம் 3, மேற்குச் சுவர், மேலிருந்து கீழாக.* 0 முதல் 0.6 மீற்றர் வரை செம்மண், அமிலத்துக்கு நுரைக்கவில்லை. 0.6 முதல் 1.1 வரை சிதைந்த கற்கள், இடையிடையே செம்மண். 1.1 முதல் 3.2 வரை இறுகிய சுண்ணாம்புக்கல். எல்லைகள் நேரானவை அல்ல. ஓரிடத்தில் செம்மண் ஒரு மூட்டு வழியே 2.3 மீற்றர் ஆழம் வரை நாக்குப்போல் இறங்கியிருந்தது. அமிலத்தில் கரையாத எச்சம் 50 கிராமில் 1.6 கிராம், அதாவது 3.2 சதவீதம்; நிறம் மங்கிய சிவப்பு.

4. விளக்கம்

இப்பாறை ஆழமற்ற, தெளிந்த, வெப்பக் கடலில் படிந்தது என்பதற்கு முருகைக்கல்லும் சிப்பிகளும் போதிய சான்று. அதன் வயது மயோசீன் என்பது முன்னைய ஆய்வுகளின் முடிவு. எங்கள் கையில் கிடைத்த சுவடுகளை வைத்து அதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ முடியாது. வெற்றிடங்களும் அவற்றுள் வளர்ந்த பளிங்குகளும் பிந்திய கதை: ஓடு முதலில் கரைந்து போனது, அதன் பிறகே கல்சைற்று படிந்தது.

காற்றிலும் மண்ணிலும் காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்ட மழைநீர் மூட்டு வழியே இறங்கி, அதன் சுவரைக் கரைத்து அகலமாக்குகிறது. வட்டமாகத் தேய்ந்த வாய்களும் இறங்கிய செம்மண்ணும் இதைக் காட்டுகின்றன. நிலத்தடி நீர் வடக்குத் தெற்கு மூட்டுக்கள் வழியே கடலை அடைகிறது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதைக் குறுக்கே வெட்டும் மூட்டுக்கள் மட்டுமே கடல்முகத்தில் வாய் திறக்கும். கரைக்கு இணையானவை நீரைக் கொண்டுபோனாலும் நம் கண்ணுக்குப் படாது. ஆகவே கடைசிச் சில மீற்றர்களுக்கு மட்டும் அந்தக் கூற்றை ஏற்கிறோம்.

கேணி நீரைக் கிணற்று நீரும் கடல்நீரும் சேர்ந்த கலவையாகக் கொண்டால், கடல்நீரின் பங்கு (3,900 − 1,150) ÷ (46,000 − 1,150), ஏறத்தாழ 6 சதவீதம். கடத்துதிறன் உப்புடன் சரிநேராகக் கூடாது என்பதால் இது மதிப்பீடு மட்டுமே. பெரியவர் சொன்னது இதனுடன் பொருந்துகிறது. வற்றிலும் பெருக்கிலும் மணிக்கு ஒருமுறை அளந்தால் அவர் கூற்றைச் சோதித்துவிடலாம். கடல் மட்டத்துக்குக் கீழே நன்னீர் வில்லையின் தடிப்பை, கடல் மட்டத்துக்கு மேல் உள்ள நீர்மட்டத்தின் நாற்பது மடங்காகக் கணக்கிடும் வழக்கமான சமன்பாட்டை இங்கே பயன்படுத்தவில்லை. கிணற்றின் நீர்மட்டத்தைக் கடலுடன் ஒப்பிட மட்டமளவீடு செய்யவில்லை. மேலும், அந்தச் சமன்பாடு நீர் சீராகப் பரவும் ஊடகத்துக்கு உரியது, வெடிப்பு வழியே பாயும் பாறைக்கு அல்ல.

செம்மண் பாறை கரைந்த பின் தங்கிய எச்சமா? மண்ணின் அடர்த்தி 1.4, பாறையின் அடர்த்தி 2.4 என்று எடுத்துக்கொண்டால், 0.6 மீற்றர் மண் உண்டாக ஏறத்தாழ 11 மீற்றர் சுண்ணாம்புக்கல் கரைந்திருக்க வேண்டும். மயோசீனுக்குப் பிந்திய நீண்ட காலத்தில் அது நடக்கக்கூடியதே. எச்சத்தின் சிவப்பு நிறமும் இதற்குச் சாதகம். ஆனால் காற்று கொண்டுவந்த மண் கலந்திருந்தாலும் நிறம் இப்படித்தான் இருக்கும். மண்ணில் உள்ள குவார்ட்சு மணிகளைச் சலித்து, பாறை எச்சத்தின் மணிகளோடு ஒப்பிடும்வரை இரண்டு கருத்துகளும் நிற்கட்டும்.

கரைக் குடைவை அலையின் அரிப்பு என்று மட்டும் சொல்வது எங்களுக்கு நிறைவு தரவில்லை. நன்னீரும் உவர்நீரும் தனித்தனியே சுண்ணாம்பால் நிரம்பியிருந்தாலும், கலந்த பின் மீண்டும் பாறையைக் கரைக்கும் வலிமை பெறலாம். கசிவுள்ள இடங்களில் குடைவு ஆழமாகவும், கசிவில்லாத இடங்களில் ஆழம் குறைவாகவும் இருந்தால் இந்தக் கருத்து வலுப்பெறும். குடைவின் ஆழத்தை ஐந்து கசிவுகளிலும், அவற்றுக்கு இடைப்பட்ட பாறையிலும் தனித்தனியே அளப்பது அடுத்த குழுவுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் முதல் வேலை.